நினைவுக்குறிப்பு, மூன்றாம் அத்தியாயம்: காட்சி எங்கே தொலைகிறது, காலம் எங்கே குழம்புகிறது? கருத்துச் சொல்லுங்கள்

தறிவீடு:

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். அப்பா வீட்டுக் குழித்தறியில் சொசைட்டிக்குப் பெட்ஷீட் நெய்தவர். அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும் நினைவுக்குறிப்பின் மூன்றாம் அத்தியாயம், தறி நின்றுபோன கதை. படித்த இருவரில் ஒருவர் "எதுவும் கண்ணில் தெரியவில்லை" என்றார். இன்னொருவர் "எது முதலில் நடந்தது என்றே பிடிபடவில்லை" என்றார். இரண்டும் ஒரே கோளாறா, வேறுவேறா என்று எனக்குத் தெரியவில்லை. முதல் பக்கத்தை அப்படியே போடுகிறேன்.

> 1988 தை மாதம் எங்கள் வீட்டுத் தறி நின்றது. அப்பா மிகவும் மனமுடைந்து போனார். தறிதான் அவருடைய உயிர். பாட்டி இறந்ததிலிருந்தே வீட்டில் கஷ்டம் ஆரம்பித்துவிட்டது. நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா விடிகாலையில் எழுந்து தறிக்குழியில் இறங்குவார். பாட்டி ராட்டையில் தார் சுற்றுவாள். அம்மா அடுப்படியிலிருந்து "நூல் இன்னும் வரலீங்களா?" என்று கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை. அவருக்குச் சொசைட்டியில் பெரிய அவமானம் நடந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் பழைய அப்பாவாக இல்லை. வறுமை எங்களை வாட்டியது. அந்த வருடம்தான் எம்.ஜி.ஆர். இறந்தார். நான் பிளஸ் டூ. அண்ணன் பவர்லூமுக்கு வேலைக்குப் போனான். அப்பா அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். இன்று தறி இருந்த இடத்தில் அண்ணனின் கார் நிற்கிறது. அன்று இரவு அம்மா அழுதாள்.

எங்கே கை வைக்க வேண்டும்?

கதிர்_வாசிப்பு:

நல்ல கதை இருக்கிறது, ஆனால் நீங்கள் அதை அறிக்கை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். "மனமுடைந்து போனார்", "வறுமை வாட்டியது", "தறிதான் உயிர்" எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். ஒவ்வொரு வாக்கியமும் காட்சியாக வேண்டும். காலக் குழப்பத்துக்கு எளிய வழி: 1981, 1987, 1988 என்று வருடத்தைத் தலைப்பாகப் போட்டு, நடந்த வரிசையிலேயே எழுதுங்கள்.

மெய்ப்புமேசை:

கதிர் சொன்னதில் முதல் பாதி சரி. "வறுமை எங்களை வாட்டியது" யார் எழுதினாலும் இதே மூன்று சொல்லில் வரும். உங்கள் வீட்டு வறுமை அதில் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் காட்சியாக்கினால் இந்த அத்தியாயம் நூறு பக்கம் போகும், முக்கியமான காட்சி மற்றவற்றுக்குள் அமிழ்ந்துவிடும். ஆறேழு வருடத்தைக் கடக்க ஒரு வரி சுருக்கம் வேண்டும். "அண்ணன் பவர்லூமுக்கு வேலைக்குப் போனான்" என்பதில் எனக்குக் குறையே இல்லை. அது தகவல், வேகமாகச் சொன்னால் போதும். அடுத்த வரியைத்தான் விடமாட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பா மகனோடு பேசாமல் இருந்தது எப்படி நடந்தது? சோறு போடும்போது யார் யாரிடம் சொல்லி அனுப்பினார்கள்? உறவு மாறுகிற இடம் அது, அங்கேதான் நிற்க வேண்டும்.

முதலில் காலத்தை எடுத்துக்கொள்கிறேன், அது சரியாகாமல் காட்சி நிற்காது. நினைவுக்குறிப்பைத் திருத்தும்போது நான் செய்வது இதுதான்: ஓரத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே வருடம், எழுதுபவரின் வகுப்பு, அந்த நேரத்தில் வீட்டில் யார் யார் உயிரோடு இருந்தார்கள் என்று பென்சிலால் குறிப்பேன். உங்கள் பக்கத்துக்குச் செய்து பார்த்தேன். முதல் மூன்று வாக்கியம் 1988. நான்காவது, பாட்டி இறந்த வருடத்துக்குப் போகிறது. ஐந்தாவதில் "அப்போது" என்கிறீர்கள். தறி நின்றபோதா, பாட்டி இறந்தபோதா? பிளஸ் டூ கணக்கை வைத்துப் பின்னால் போனால் ஆறாவது என்பது 1981-82. ஆகவே பாட்டி இறந்தபோதுதான். ஆனால் வாசகர் கணக்குப் போட்டுக்கொண்டு படிக்கமாட்டார். ஏழாவது வாக்கியத்தில் பாட்டி ராட்டை சுற்றுகிறாள். மூன்று வரிக்கு முன்னால்தான் அவளைச் சாகடித்தீர்கள். உங்கள் நண்பர் முதலில் தடுக்கியது இங்கேயாகத்தான் இருக்கும்.

இன்னொரு தடுக்கல், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. "இறங்குவார்", "சுற்றுவாள்" என்றால் தினமும் நடந்த வழக்கம். அடுத்து "கேட்டாள்", "பதில் சொல்லவில்லை" என்றால் ஒரு குறிப்பிட்ட நாள். நடுவில் "ஒரு நாள்", "அந்தத் தை மாதத்தில்" என்று எதுவும் இல்லை. 1981-க்கு முந்தைய வழக்கத்துக்குள்ளிருந்து 1988-இல் நடந்த ஒரு உரையாடலுக்கு வாசகர் தெரியாமலே தள்ளப்படுகிறார். அம்மா நூல் கேட்கும்போது பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

கடைசியில் "இன்று", உடனே "அன்று இரவு". எந்த இரவு? பவர்லூமுக்குப் போன இரவா, எம்.ஜி.ஆர். இறந்த இரவா, பேச்சு நின்ற இரவா?

சோழமண்டலம்:

சொசைட்டி என்பதற்கு "கூட்டுறவுச் சங்கம்" என்றே எழுதலாமே? பவர்லூமை விசைத்தறி எனலாம். நிறுத்தக்குறிகளும் சில இடத்தில் சரியில்லை. மற்றபடி நடை நன்றாக இருக்கிறது, காலக் குழப்பம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தறிவீடு:

ஐயா, எங்கள் வீட்டில் யாரும் கூட்டுறவுச் சங்கம் என்று சொன்னதில்லை, அதனால் சொசைட்டி அப்படியே இருக்கட்டும். குறிகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

மெய்ப்புமேசை, ஒரு கேள்வி. எம்.ஜி.ஆர். இறந்தது டிசம்பர் 1987. தறி நின்றது பொங்கலை ஒட்டி. என் மனதில் இரண்டும் ஒரே வருடம்தான். "அந்த வருடம்" என்பது தவறா?

மெய்ப்புமேசை:

உங்கள் மனக்கணக்கு பள்ளிக்கூடக் கணக்கு. ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும். அதில் இரண்டும் ஒரே வருடம். தமிழ் வருடத்திலும் பிரபவ வருடத்துக்குள் இரண்டும் வந்துவிடும். பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். ஆனால் முதல் வரியில் "1988" என்று நீங்களே ஆங்கில வருடத்தைக் கொடுத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு "அந்த வருடம்தான் எம்.ஜி.ஆர். இறந்தார்" என்றால் 1988 டிசம்பர் என்று படிப்பார்கள், அல்லது எழுதுபவருக்கு ஞாபகப்பிசகு என்று முடிவுகட்டுவார்கள். இரண்டு கணக்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு அத்தியாயம் முழுக்க அதிலேயே இருங்கள். என்னைக் கேட்டால் பள்ளிக்கூடக் கணக்கு. "நான் ஆறாவது சேர்ந்த வருடம்", "பிளஸ் டூ வருடம்" என்று போனால் ஒரே சொல்லில் காலமும் உங்கள் வயதும் கிடைத்துவிடும். எம்.ஜி.ஆர். மரணம் 24 டிசம்பர் 1987 என்பது தமிழ்நாட்டு வாசகர் எல்லோருக்கும் ஊன்றிய கம்பு. அது ஒன்றை நட்டுவிட்டால் வேறு வருடமே எழுதத் தேவையில்லை. "எம்.ஜி.ஆர். இறந்து மூன்றாவது வாரம்" என்றால் தை தானாக வந்துவிடும்.

கதிர் சொன்ன வருடத் தலைப்பு வேண்டாம் என்பேன். தலைப்பு எந்த வருடம் என்று சொல்லும், ஏன் அங்கே போனோம் என்று சொல்லாது. 1988-இலிருந்து 1981-க்குப் போக ஒரு காரணம் பக்கத்துக்குள்ளேயே வேண்டும்.

கதிர்_வாசிப்பு:

வரிசையாக எழுதினால் அங்கேயும் இங்கேயும் போகவே வேண்டாமே? பாட்டி, பிறகு அண்ணன், பிறகு எம்.ஜி.ஆர்., பிறகு தறி.

மெய்ப்புமேசை:

செய்யலாம், பல நல்ல நினைவுக்குறிப்புகள் அப்படித்தான் போகின்றன. இந்த அத்தியாயத்தில் எனக்குத் தயக்கம் என்னவென்றால், தறி நிற்கப்போகிறது என்று தெரியாமல் படித்தால் பாட்டியின் ராட்டை வெறும் கிராமத்து வர்ணனை ஆகிவிடும். தெரிந்து படித்தால் அதே ராட்டை காரணமாகத் தெரியும்.

நாடாசத்தம்:

அண்ணா, நானும் நெசவு வீட்டுப் பையன்தான், சேலம் பக்கம். எழுத்து பற்றி எனக்குத் தெரியாது, தறி பற்றிச் சொல்கிறேன். "பாட்டி இறந்ததிலிருந்தே கஷ்டம்" என்று எழுதியிருக்கிறீர்கள். வெளி ஆட்களுக்கு அது வீட்டில் பெரியவர் போன துக்கம் மாதிரி இருக்கும். எங்களுக்கு அது வேறு. தார் சுற்ற ஆள் போய்விட்டது! குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற நாடாவில், அந்த நூல் சுற்றிய தார் தீரத் தீர இன்னொன்று தயாராக இருந்தால்தான் அப்பா குழியை விட்டு ஏறாமல் நெய்ய முடியும். எங்கள் வீட்டில் ஆத்தா படுத்துவிட்டபோது அம்மா தார் சுற்ற உட்கார்ந்தார்கள், கூலிக்குப் போய்க்கொண்டிருந்தது நின்றது. அப்படியும் பாவு, அதாவது தறியில் ஏற்றிய நெடுக்கு நூல், தாமதமாகத்தான் முடிந்தது. கூலி பீஸுக்குத்தானே, அதுவும் குறைந்தது. உங்கள் வீட்டிலும் அதுதானே நடந்தது?

இன்னொன்று. "தறி நின்றது" என்றால் எப்படி நின்றது? பாவு பாதியில் இருந்ததா, நெய்து முடித்து அறுத்தாரா? அறுத்திருந்தால் நெடுக்கு இழைகள் கோர்த்திருக்கும் அச்சிலிருந்து நூலை உருவினாரா, விட்டுவைத்தாரா?

தறிவீடு:

தம்பி, அதேதான் நடந்தது. அம்மா மஞ்சள் காட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டுத் தார் சுற்றினாள். எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை.

கடைசிப் பாவை நெய்து முடித்து, பொங்கலுக்கு முன்னால் பெட்ஷீட்டை அறுத்தார். ஆனால் அச்சிலும் விழுதிலும் இருந்த நூலை உருவவில்லை. ஒரு முழம் விட்டு, கொத்துக் கொத்தாக முடிச்சுப் போட்டுக் கட்டினார். 1996 வரைக்கும் அப்படியே கிடந்தது. கல்யாணத்துக்கு வெள்ளையடித்தபோதுகூட அதைத் தொடவிடவில்லை. தறியைச் சுற்றித் துணி கட்டிவிட்டு அடித்தோம்.

நாடாசத்தம்:

இதை ஏன் அண்ணா அத்தியாயத்தில் எழுதவில்லை? நூலை விட்டுவைத்தார் என்றால் அடுத்த பாவு வரும் என்று நினைத்திருக்கிறார். பழைய நுனியோடு புது நுனியை ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைத்தால் வேலை முடிந்தது. உருவிவிட்டால் ஒவ்வொரு இழையையும் மறுபடி விழுதிலும் அச்சிலும் கோர்க்க வேண்டும், அது பெரிய வேலை. தறியை விடுகிறவர் உருவிவிடுவார், அச்சுக்கும் விழுதுக்கும் விலை கிடைக்குமே.

மெய்ப்புமேசை:

தறிவீடு, உங்கள் அத்தியாயம் இந்தப் பதிலில்தான் இருக்கிறது. "மனமுடைந்து போனார்", "தறிதான் உயிர்" என்ற இரண்டு வரியும் செய்ய முயன்று முடியாததை இந்த முடிச்சு செய்துவிடுகிறது. அதுவும் சரியாகச் செய்கிறது. நீங்கள் எழுதியபடி அவர் உடைந்தவர். முடிச்சுப்படி அவர் காத்திருந்தவர். இரண்டும் வேறு ஆள். உணர்ச்சியின் பெயரை எழுதும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான், கைக்கு வருகிற பொதுச் சொல் உண்மையான ஆளின் மேல் உட்கார்ந்துவிடும்.

இப்படி எழுதிப் பாருங்கள். அறுக்கிற நாளை ஒரே காட்சியாக, சாதாரண இறந்த காலத்தில். எங்கே இருந்தீர்கள், என்ன பார்த்தீர்கள், அவ்வளவுதான். முடிச்சு ஏன் என்று நெசவு தெரியாத வாசகருக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் சொல்வது குற்றமில்லை, சொல்லாவிட்டால் முடிச்சு வெறும் முடிச்சாகிவிடும். பிறகு ராட்டையைப் பிடித்துக்கொண்டு பாட்டி காலத்துக்குப் போங்கள். போகும்போது "பாட்டி இறந்திருந்தாள்" என்று ஒரே ஒருமுறை பின்னால் தள்ளிச் சொன்னால் போதும். அதன்பிறகு "இருந்தாள்", "சுற்றினாள்" என்றே போகலாம். எல்லா வினையிலும் "-இருந்தாள்" போட்டால் வாசிக்க மூச்சு முட்டும். திரும்பி வரும்போது மறுபடி ராட்டையைத் தொட்டுக்கொண்டு வாருங்கள், வாசகருக்கு வழி தெரியும்.

ராஜிடீச்சர்:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் வால்பாறையில் தேயிலை எஸ்டேட்டில் வளர்ந்தவள், ஓய்வுபெற்ற ஆசிரியை. அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். என் சிக்கல் காலம் இல்லை. காட்சியாக எழுது என்கிறார்கள், நான் பார்க்காததை எப்படி எழுதுவது? கொழுந்து எடை போடும் மஸ்டரில் அம்மா பறித்ததை எடை குறைத்துப் போட்டு அவளைத் திட்டியதை அம்மா சொல்லித்தான் தெரியும். "கங்காணி முகம் சிவந்தது" என்று எழுதினால் அது நான் கட்டியது. எழுதாவிட்டால் "அம்மா அவமானப்பட்டாள்" என்று ஒரு வரி. தறிவீடும் "சொசைட்டியில் பெரிய அவமானம்" என்று அப்படித்தான் விட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். அவர் அங்கே இருந்தாரா?

தறிவீடு:

இல்லை டீச்சர். அம்மா சொல்லிக் கேட்டது. துணியைப் பிரித்துப் பார்த்து, பிசிறு இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் தரையில் போட்டார்களாம்.

கதிர்_வாசிப்பு:

தரையில் போட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்தானே, அங்கிருந்து காட்சியைக் கட்டலாம். யாருடைய சட்டை என்ன நிறம் என்று யார் கேட்கப்போகிறார்கள்? நினைவுக்குறிப்பும் கதைதான்.

மெய்ப்புமேசை:

எனக்கு இதில் உடன்பாடில்லை. தெரியாத முகபாவத்தையும் வசனத்தையும் போட்டால் பக்கத்தில் இருக்கும் முடிச்சின் மேலும் சந்தேகம் வரும். டீச்சருக்கு என் வழி: அம்மா சொன்ன நாளைக் காட்சியாக்குங்கள். அது நீங்கள் பார்த்தது. எங்கே உட்கார்ந்து சொன்னார், எந்த இடத்தில் நிறுத்தினார், எதை இரண்டு முறை சொன்னார். மஸ்டர் அதற்குள்ளேயே தெரியும்.

ராஜிடீச்சர்:

அப்படி எழுதினால் காலம் இரண்டாகிறதே? சொன்ன நாள், நடந்த நாள். தறிவீட்டுக்கு ஆன குழப்பம் எனக்கும் வராதா? அதோடு, அம்மா எனக்கு அதைச் சொன்னது ஒரே ஒரு தடவை இல்லை, வாழ்நாள் முழுக்கச் சொன்னாள். எந்த நாளை எடுப்பது?

மெய்ப்புமேசை:

வரத்தான் செய்யும். நல்ல கேள்வி டீச்சர், எனக்கு ஒரே பதில் இல்லை. "சொல்லுவாள்" என்று வழக்கமாக எழுதிவிட்டு, வித்தியாசமாகச் சொன்ன ஒரு நாளைத் தனியே எடுக்கலாம். அப்படி ஒரு நாள் இல்லையென்றால் இந்த வழி உங்களுக்குப் பொருந்தாமலும் போகலாம்.

தறிவீடு:

அம்மாவிடம் போனில் பேசினேன். பாட்டி இறந்தது ஆடி மாதம், நான் ஆறாவது சேர்ந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள். சொசைட்டியில் துணியைத் தரையில் போட்டது தீபாவளிக்கு முன்னால், எம்.ஜி.ஆர். இறப்பதற்கும் முன்னால். தறி நின்ற பிறகு என்றே நான் இத்தனை நாள் வைத்திருந்தேன். திருப்பி எழுதியது:

> எம்.ஜி.ஆர். இறந்து கடைகள் மூடிக் கிடந்தபோது தறியில் கடைசிப் பாவு ஓடிக்கொண்டிருந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் அப்பா பெட்ஷீட்டை அறுத்து எடுத்தார். நான் பிளஸ் டூ புத்தகத்தோடு திண்ணையில் இருந்தேன். அச்சுக்குப் பின்னால் ஒரு முழம் நூலை விட்டு, நுனிகளைக் கொத்துக் கொத்தாக முடிச்சுப் போட்டார். அடுத்த பாவு வந்தால் அந்த நுனிகளோடு பிணைத்தால் போதும்; உருவிவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கோர்க்க வேண்டும்.
>
> "அடுத்த பாவு எப்பங்க?" என்றாள் அம்மா.
>
> "கட்டி வெச்சிருக்கறேன்ல" என்றார். குழியிலிருந்து ஏறி, ராட்டையை எடுத்துச் சுவரோரம் வைத்தார்.
>
> அது பாட்டியின் ராட்டை. நான் ஆறாவது சேர்ந்த ஆடியில் பாட்டி இறந்திருந்தாள். அதுவரை அப்பா விடிகாலையில் குழியில் இறங்குவதற்கு முன்பே அவள் பத்துத் தாரைச் சுற்றி வைத்திருப்பாள். அவள் போன மறுவாரம் அம்மா மஞ்சள் காட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு அந்த ராட்டையின் முன் உட்கார்ந்தாள். அம்மாவின் தார் இறுக்கமாக இல்லை என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. நாடாவை நிறுத்தி, தாரை எடுத்து, தானே திருப்பிச் சுற்றுவார்.

நாடாசத்தம்:

தார் இறுக்கம் இல்லாவிட்டால் நூல் சரிந்து துணியில் பிசிறு வரும் அண்ணா. சொசைட்டியில் துணியைத் தரையில் போட்டதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. நீங்கள் எழுதாமலே வந்துவிட்டது.

மெய்ப்புமேசை:

நாடாசத்தம் சொன்னதை அத்தியாயத்தில் விளக்காதீர்கள். சொசைட்டி இடம் வரும்போது "பிசிறு" என்ற சொல் மட்டும் வரட்டும். காலம் இப்போது தெளிவு. ஒரே இடம்: "திருப்பிச் சுற்றுவார்" என்று வழக்கத்தில் முடிகிறது, அடுத்த பத்தி பொங்கலுக்குத் திரும்புகிறதா, தீபாவளிக்கா? முதல் வாக்கியத்திலேயே கால் ஊன்ற வேண்டும். "பிளஸ் டூ வருடத் தீபாவளிக்கு முன்னால்" என்று தொடங்கினால் நேராகச் சொசைட்டிக்குள் போகலாம்.

"பத்துத் தார்" உங்களுக்கு நிச்சயமா? இல்லையென்றால் "ஒரு கூடைத் தார்".

தறிவீடு:

கூடைதான். மாற்றுகிறேன். "இன்று அந்த இடத்தில் அண்ணனின் கார் நிற்கிறது" என்பதை என்ன செய்ய? 1996-இல் தறியைப் பிரித்தோம், அதன் பிறகுதான் அண்ணன் வீட்டை இடித்துக் கட்டினான்.

கதிர்_வாசிப்பு:

அதை எடுக்காதீர்கள். முழு அத்தியாயத்திலும் எனக்கு ஞாபகம் நின்ற வரி அதுதான்.

மெய்ப்புமேசை:

நான் எடுப்பேன். குறைந்தது இந்த அத்தியாயத்திலிருந்து. முடிச்சு கிடந்த எட்டு வருடத்தை வாசகர் அப்பாவோடு சேர்ந்து காத்திருக்க வேண்டும். கார் வந்தால் காத்திருப்பு முன்கூட்டியே முடிந்துவிடும். அண்ணன் மேல் ஒரு குற்றச்சாட்டாகவும் படும், பவர்லூமுக்குப் போனதால் வீட்டைக் காப்பாற்றியதும் அவர்தானே?

தறிவீடு:

ஆமாம், என் காலேஜ் பீஸ் கட்டியதே அண்ணன்தான். அது ஐந்தாம் அத்தியாயத்தில் வருகிறது.

கதிர்_வாசிப்பு:

அப்படியானால் காரை ஐந்தாம் அத்தியாயத்துக்குக் கொண்டுபோங்கள். ஆனால் அங்கே கார் வரும்போது இந்தத் தறியை வாசகர் மறந்திருப்பார் என்றுதான் நான் சொல்வேன்.

ராஜிடீச்சர்:

தறிவீடு, அப்பா அண்ணனோடு பேசாமல் இருந்த இடத்தை இன்னும் எழுதவில்லையே. அதற்கும் அம்மாவையே கேட்பீர்களா, அண்ணனையும் கேட்பீர்களா? இருவரும் வேறுவேறாகச் சொன்னால் எதை எழுதுவீர்கள்?

தறிவீடு:

அண்ணனைக் கேட்கவில்லை டீச்சர். ஞாயிற்றுக்கிழமை போகிறேன், கேட்டுவிட்டு அந்தப் பகுதியை இங்கேயே போடுகிறேன்.